திருத்திய கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்களா?

நெல்லைப் பக்கத்துப் பெண் ஒருவர், பணி ஓய்வு பெறப்போகும் தன் பழைய தமிழாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழில் நீளமாக எழுதியும் நாளாயிற்று. கடிதத்தைப் படிக்கப்போகிறவர் தமிழாசிரியர் என்பதால், ஒற்றுப்பிழை இருந்தால் என்ன நினைப்பாரோ என்ற அச்சம் அவருக்கு. அதனால் அனுப்புவதற்கு முன் இலக்கணம் திருத்தும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்க்கிறார். அவர் முதலில் எழுதிய பத்தி இது:

"ஐயா, நான் எட்டாம் வகுப்பில் உங்களிடம் படித்த பிள்ளை. அப்பா தவறின வருசம் நான் பள்ளிகூடம் வரவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். திண்ணையில் உட்கார்ந்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போட்ட கடுங்காப்பியை குடித்துவிட்டு கிளம்பும்போது மட்டும், 'நாளைக்கு வந்திரு தாயி, முதல் மணிக்கு முன்னாடியே வந்திரு' என்று சொன்னீர்கள். நானும் வந்தேன். அந்த சொல்லுக்காகத்தான் வந்தேன்."

மெருகேற்றச் சொன்னதும் திரையில் வந்தது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் எட்டாம் வகுப்பில் தங்களிடம் பயின்ற மாணவி ஆவேன். எனது தந்தை மறைந்த ஆண்டில் என்னால் பள்ளிக்கூடத்திற்கு வர இயலவில்லை. அப்போது தாங்கள் எங்கள் இல்லத்திற்கு வருகை தந்து, திண்ணையில் அமைதியாக அமர்ந்திருந்தீர்கள். எனது தாயார் அளித்த காப்பியை அருந்திய பின்னர், மறுநாள் முதல் மணிக்கு முன்பாகவே பள்ளிக்கு வருமாறு எனக்கு அறிவுறுத்தினீர்கள். தங்களின் அந்த ஊக்கமளிக்கும் சொற்களே எனது வாழ்வில் ஒரு திருப்புமுனையாக அமைந்தன."

இரண்டாவது பத்தியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மேடையில் வாசித்தால் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் அந்த ஆசிரியர் இதைப் படித்தால், எழுதியது எந்தப் பிள்ளை என்று அவரால் கண்டுபிடிக்க முடியுமா? முப்பது ஆண்டு வேலையில் அவர் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பார். கடுங்காப்பி கொடுத்த வீடும், தாயி என்று தான் கூப்பிட்ட பிள்ளையும் அவருக்கு நினைவிருக்கலாம். மெருகேறிய பத்தியில் அந்த இரண்டுமே இல்லை.

இந்த இரு பத்திகளையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தத் திருத்தத்தை ஏற்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் உண்மையான பிழைகள். முதல் பத்தியில் நான்கு இடங்களில் ஒற்று விடுபட்டிருக்கிறது. பள்ளிகூடம் என்பது பள்ளிக்கூடம் ஆக வேண்டும். கடுங்காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது என்று இரண்டு இடங்களில் க் வர வேண்டும். அந்தச் சொல்லுக்காக என்று ச் வர வேண்டும். இந்த நான்கையும் சேர்த்தால் எழுதியவரின் குரலில் இம்மியும் மாறாது. நாம் பேசும்போது அந்த ஒற்றுகளை ஏறக்குறைய ஒலிக்கத்தான் செய்கிறோம், எழுதும்போதுதான் விட்டுவிடுகிறோம். ஆகவே ஒற்றுத் திருத்தத்தைத் தயங்காமல் ஏற்கலாம். முயற்ச்சி என்பதை முயற்சி என்றும், கோர்வை என்பதைக் கோவை என்றும் காட்டும் எழுத்துத் திருத்தங்களும் அப்படித்தான்.

இதிலும் ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'வேலை கொடுத்தார்' என்றால் பணி கொடுத்தார். 'வேலைக் கொடுத்தார்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தார். இரண்டுமே இலக்கணப்படி சரி. எது உங்கள் மனத்தில் இருந்தது என்பது விதியை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. 'தந்த பலகை', 'தந்தப் பலகை' என்பதும் இதே கதைதான். ஒற்று சேர்ந்ததும் பொருள் மாறுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது மெருகேறிய பத்திக்கு வருவோம். அந்த நான்கு பிழைகளில் உண்மையில் திருத்தப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடம். மற்ற மூன்று இடங்களில் பிழை திருத்தப்படவில்லை. பிழை இருந்த தொடரே காணாமல் போய்விட்டது. குடித்துவிட்டு கிளம்பும்போது என்பது 'அருந்திய பின்னர்' ஆகிவிட்டது. அந்தச் சொல் என்ற இடத்தில் 'அந்த ஊக்கமளிக்கும் சொற்கள்' வந்துவிட்டது. எங்கே ஒற்று விட்டோம் என்று அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த கடிதத்திலும் அதே இடத்தில் தடுமாறுவார்.

இதற்குக் காரணம், திருத்தி என்ற ஒரே பெயரில் இருவேறு கருவிகள் நடமாடுவதுதான். ஒரு வகை, சொற்பட்டியலையும் புணர்ச்சி விதிகளையும் வைத்துக்கொண்டு, பொருந்தாத சொல்லுக்கு அடியில் கோடு போடும். நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் தமிழ்க் கணிமை ஆர்வலர் உருவாக்கிய நாவி, வாணி ஆகியவை இந்த வகை. நாவி சந்திப் பிழையைப் பார்க்கும். வாணி எழுத்துப் பிழையைப் பார்க்கும். கோடு விழுந்த இடத்தில் என்ன செய்வது என்ற முடிவு நம் கையில் இருக்கும். இன்னொரு வகை, புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். இவை சொல்லைத் தொட்டுத் திருத்துவதில்லை. வாக்கியத்தை உள்வாங்கி, அந்தச் சூழலில் பெரும்பாலும் எப்படி எழுதுவார்களோ அப்படித் திரும்ப எழுதித் தரும். அவை படித்து வளர்ந்த தமிழ் இணையத் தமிழ். அதில் செய்தியும் அறிவிப்பும் கட்டுரையும் ஏராளம். ஒரு பெண் தன் ஆசிரியருக்கு எழுதிய சொந்தக் கடிதம் அங்கே அரிது. அதனால்தான் கருவி நம் பத்தியை ஆண்டு விழா அறிக்கையின் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. அம்மா தாயார் ஆகிறார், வீடு இல்லம் ஆகிறது, வந்தது வருகை தந்தது ஆகிறது.

சொல் மாறியதைக்கூட ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். செய்தியே மாறிய இடங்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். "நான் பள்ளிக்கூடம் வரவில்லை" என்று அந்தப் பெண் எழுதினார். மெருகேறிய பத்தியில் அது "வர இயலவில்லை" ஆகிவிட்டது. வராமல் இருந்தது வேறு, வர முடியாமல் போனது வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே பள்ளியை விட்டு நின்றிருக்கிறாள். அதனால்தான் ஆசிரியர் தேடி வந்தார். 'இயலவில்லை' என்று போட்டதும் அந்த முடிவுக்கு அவள் பொறுப்பில்லாதவள் ஆகிறாள், கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. கடுங்காப்பியும் அப்படித்தான். பால் வாங்க வழியில்லாத வீடு அது என்று அந்த ஒரு சொல் சொல்கிறது. வெறும் காப்பி அதைச் சொல்லாது. "ஒன்றும் சொல்லவில்லை" என்பது 'அமைதியாக' என்று சுருங்கிவிட்டது. துக்க வீட்டுக்கு வந்த ஆசிரியர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த பிள்ளை, அவர் எதுவும் சொல்லாததைக் கவனித்திருக்கிறாள். 'அமைதியாக அமர்ந்திருந்தார்' என்றால் அவருடைய குணத்தைப் பற்றிய பாராட்டு மட்டுமே மிஞ்சுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஆசிரியரின் பேச்சு. அவர் வாயிலிருந்து வந்த சொற்களை நேர்க்கூற்றாக அப்படியே வைத்திருந்தார் அந்தப் பெண். கருவி அதை அயற்கூற்றாக மாற்றி 'அறிவுறுத்தினீர்கள்' என்று முடித்துவிட்டது. 'வந்திரு' என்ற சொல் இரண்டு முறை வந்தது போயிற்று, தாயி போயிற்று. கருவி வந்திரு, தாயி, முன்னாடியே ஆகியவற்றைப் பிழை என்று எண்ணியிருக்கலாம். ஆனால் ஒருவர் பேசியதை மேற்கோளுக்குள் எழுதும்போது அவர் பேசியபடி எழுதுவதுதான் சரி. மேற்கோள் குறிக்குள் இருக்கும் எந்தச் சொல்லையும் திருத்த விடாதீர்கள். இதை நான் விதியாகவே சொல்வேன்.

வட்டாரச் சொற்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மென்பொருளின் சொற்பட்டியலில் இல்லாத சொல்லெல்லாம் பிழையான சொல் ஆகிவிடாது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்து மக்கள் பேசும் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியே வெளியிட்டார். அதில் உள்ள சொற்களில் எத்தனையோ இன்றும் திருத்திகளில் சிவப்புக் கோடு வாங்கும். நீங்கள் அடிக்கடி எழுதும் வீட்டுச் சொற்கள், ஊர்ப் பெயர்கள், உறவுச் சொற்கள் ஆகியவற்றில் கோடு விழுந்தால், வேர்டில் அந்தச் சொல்லின் மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு Add to Dictionary என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு உங்கள் கணினி அந்தச் சொல்லை உறுத்தாது. 'வருசம்' என்பதை வருடம் என்றோ வருஷம் என்றோ மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அந்தக் கடிதத்தில் அப்படியே இருக்கட்டும் என்பேன்.

ஒருவருடைய குரல் பெரிய சொற்களில் இருப்பதைவிடச் சின்னச் சொற்களில்தான் அதிகம் இருக்கிறது. இதை அமெரிக்காவில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். 1787, 1788-இல் அந்நாட்டின் அரசியல் சட்டத்தை ஆதரித்து மூன்று பேர் ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். அவற்றில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்ற சர்ச்சை வெகுகாலம் நீடித்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964-இல் வெளியிட்ட நூலில், கட்டுரைகளின் கருத்தை விட்டுவிட்டு, இடைச்சொற்களைப் போன்ற சின்னஞ்சிறு சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினார்கள். ஆன் என்று எழுதக்கூடிய இடங்களில் அப்பான் என்று எழுதும் பழக்கம் ஹாமில்டனுக்கு இருந்தது. மேடிசன் அதை அரிதாகவே எழுதினார். அப்படிப்பட்ட சொற்களை வைத்து அந்த 12 கட்டுரைகளும் மேடிசனுடையவை என்ற முடிவுக்கு வந்தார்கள். கருத்தை யாரும் போலச் செய்யலாம். சின்னச் சொற்களை நாம் யோசித்துப் போடுவதில்லை. அவை பழக்கத்தில் தாமாக வந்து விழுகின்றன.

தமிழில் அந்த வேலையைச் செய்பவை தான், கூட, மட்டும், உம், ஏ, ஓ போன்றவை. நம் கடிதத்தில் பாருங்கள். 'கிளம்பும்போது மட்டும்' என்கிறார். அதுவரை பேசாதவர் அப்போது மட்டும்தான் பேசினார். 'நானும் வந்தேன்' என்கிறார். சொன்னார், சொன்னபடி நானும் செய்தேன் என்ற கீழ்ப்படிதல் அந்த உம்மில் இருக்கிறது. 'சொல்லுக்காகத்தான்' என்கிறார். படிப்பின் மேல் ஆசையில்லை, அவர் சொன்ன ஒரே காரணம். மெருகேறிய பத்தியில் மட்டும் இல்லை, உம் இல்லை, தான் இல்லை. முன்பாகவே, சொற்களே என்று இரண்டு ஏகாரங்கள் பிழைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இலக்கணப்படி இவை நீக்கப்பட வேண்டியவை அல்ல. வாக்கியத்தை மாற்றி எழுதும்போது சிந்திப்போயின. ஆகவே திருத்திய கடிதம் கைக்கு வந்ததும், பழைய கடிதத்தில் இருந்த தான், மட்டும், கூட, உம் எல்லாம் எங்கே என்று தேடுங்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளிலேயே விரைவானது இதுதான்.

அடுத்தது வாக்கிய நீளம். முதல் பத்தியின் வாக்கியங்களில் உள்ள சொற்களை எண்ணினால் 7, 6, 3, 2, 2, 15, 2, 3 என்று வருகிறது. மெருகேறிய பத்தியில் 9, 8, 9, 14, 9. முதலாவதில் இரண்டு சொல், மூன்று சொல் வாக்கியங்களாக வந்து, ஆசிரியர் வாய் திறக்கும் இடத்தில் மட்டும் வாக்கியம் நீள்கிறது. பிறகு மறுபடி சுருங்குகிறது. இரண்டாவதில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. உங்கள் கடிதத்திலும் இப்படி எண்ணிப் பாருங்கள். முன்பு ஏறி இறங்கிய எண்கள் திருத்தியபின் ஒரே மட்டத்தில் நின்றால், மூச்சு விட்டு எழுதிய இடங்களையெல்லாம் கருவி ஒட்டித் தைத்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவையும் பார்க்க வேண்டுமானால் முதலில் எழுதியது கையில் இருக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். கருவியில் ஒட்டி, வந்ததை எடுத்துப் பழையதன் மேலேயே போட்டுவிடுகிறார்கள். திருத்தியைத் தொடும் முன் முதல் வடிவத்தைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். போனில் எழுதுகிறவர்கள், வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பி வைத்துக்கொண்டாலும் போதும். வேர்டில் Review என்ற பகுதியில் Compare என்று இருக்கிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கொடுத்தால், மாறிய இடமெல்லாம் நிறம் மாறித் தெரியும். கூகுள் டாக்ஸில் Tools பட்டியலில் Compare documents அதே வேலையைச் செய்யும். கணினி கைவராதவர்கள் இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் குறிக்கலாம். நான் பென்சிலைத்தான் விரும்புகிறேன். மாறிய இடம் ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: நான் எழுதியது தவறா, இல்லை வேறொருவர் வேறு மாதிரி எழுதுவாரா? தவறு என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் பழையதே திரும்பட்டும்.

கண்ணுக்குத் தப்பியது காதில் சிக்கும். திருத்திய கடிதத்தை வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்து கேளுங்கள். "தாங்கள் எங்கள் இல்லத்திற்கு வருகை தந்து" என்று படிக்கும்போது அந்தப் பெண்ணின் குரல், மேடையில் அறிவிப்பு வாசிக்கிறவரின் குரலாக மாறும். அதை அவரே கேட்டுவிடுவார். வீட்டில் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. ஆனால் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இதில் எந்த வரி நான் எழுதாத மாதிரி இருக்கு, கோடு போடு" என்று கேளுங்கள். அக்காவோ மகனோ கோடு போடும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயம் வந்துவிடக் கூடாது. பேச்சுத் தமிழில் எழுதினால்தான் சொந்தக் குரல் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளாக 'தாங்கள்' என்றே எழுதி, 'நலம், நலமறிய ஆவல்' என்றே தொடங்கும் பெரியவர் ஒருவருக்கு அதுதான் அவருடைய குரல். அவர் கடிதத்தைக் கருவி இளமையாக்கி, 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று தொடங்கினால் அதுவும் அவரைத் தொலைத்ததுதான். அளவுகோல் அவரவருடைய பழைய எழுத்து. முன்பு எழுதிய இரண்டு மூன்று கடிதங்களை, கிடைக்காவிட்டால் உறவினருக்கு அனுப்பிய நீண்ட செய்திகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவரை எப்படி அழைக்கிறீர்கள், எப்படித் தொடங்குகிறீர்கள், ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்கு 'அப்புறம்' என்று போகிறீர்களா 'மேலும்' என்று போகிறீர்களா என்று பாருங்கள். பட்டா மாறுதலுக்கோ மின் இணைப்புக்கோ எழுதும் மனுவில் இந்தக் கவலை அவ்வளவு வேண்டாம். அங்கே தேதியும் சர்வே எண்ணும் திருத்தத்தில் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

முதல் வடிவம் தொலைந்துவிட்டது, மெருகேறியது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் என்ன செய்வது? மீட்க வழி உண்டு. கடிதத்தில் மிகப் பொதுவாக இருக்கும் வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். நம் பத்தியில் அது கடைசி வாக்கியம். வாழ்வின் திருப்புமுனை என்பதை யாரும் யாருக்கும் எழுதலாம். அந்தப் பெண் அப்படி ஒன்றை எழுதவே இல்லை. கருவி சேர்த்தது அது. பெண்ணின் தோழி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "திருப்புமுனைன்னு போட்டிருக்கியே, என்னத்தடி திருப்புனாரு? என்ன நடந்துச்சு?" என்று கேட்கட்டும். போன் பதிவு செய்துகொண்டிருக்கட்டும். "அந்த வருசம் பரீட்சை முடியற வரைக்கும் நான் ஒரு நாள் லீவு போடல. மழையில ஆத்துப் பாலம் முங்கின அன்னிக்கிக்கூட சுத்திப் போனேன். போய்ப் பாத்தா வகுப்புல நானும் சாரும்தான்" என்று அவர் சொல்லக்கூடும். அதைக் கேட்டு எழுதி, ஒற்று மட்டும் திருத்திக் கடிதத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான்.